நாலு விழுக்காடு வினிகரும் ஓர் ஆய்வறிக்கையும்

மளிகைக் கடையில் வாங்கும் வெள்ளை வினிகர் பாட்டிலின் லேபிளில் ‘அசிட்டிக் அமிலம் 4%’ என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அது உண்மைதானா என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் இருக்கும் பியூரெட், பிப்பெட், கூம்புக்குடுவை, கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடு, சில சொட்டு பினாப்தலீன் இருந்தால் போதும். ஒரு பிற்பகலில் விடை கிடைத்துவிடும். அதற்குப் பிறகுதான் சிரமமான வேலை வருகிறது. கிடைத்த விடையை, அந்தப் பிற்பகலில் அங்கே இல்லாத ஒருவர் படித்து, சரிபார்த்து, ஏற்றுக்கொள்ளும்படி எழுதியாக வேண்டும்.

தரம்பார்த்தல் என்பது பழைய வித்தை. 1729-இல் பிரான்சில் கிளோட் ஜோசப் ஜெஃப்ராய் வினிகரின் வீரியத்தை அளக்க அதைப் பொட்டாசியம் கார்பனேட்டுடன் சேர்த்து, நுரைப்பது நிற்கும் இடத்தையே முடிவாக எடுத்துக்கொண்டார். ‘பியூரெட்’, ‘பிப்பெட்’ என்ற பெயர்களை 1824-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் கே-லூசாக். ஜெர்மனியின் கார்ல் ஃபிரெட்ரிக் மோர் 1855-இல் தரம்பார்த்தலுக்கென்றே ஒரு பாடநூல் வெளியிட்டார். பிளஸ் டூ மாணவர்களுக்கு ‘மோர் உப்பு’ என்ற பெயரில் பழக்கமானவர் அவர்தான். ஜெஃப்ராய் நுரையைப் பார்த்தார், இன்றைய மாணவர் நிறத்தைப் பார்க்கிறார். எங்கே நிறுத்தினோம், அதுவரை எவ்வளவு ஊற்றினோம் என்ற இரண்டும்தான் அன்றும் இன்றும் கேள்வி.

அறிக்கைக்கு ஐந்து பகுதிகள்: நோக்கம், செய்முறை, காட்சிப்பதிவுகள், கணக்கீடு, முடிவு. வரிசை எல்லா மாணவருக்கும் மனப்பாடம். ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் தனி வேலை இருப்பது பலருக்குப் பிடிபடுவதில்லை. ஒரு நல்ல அறிக்கையைக் கடைசியிலிருந்து முன்னோக்கியும் படிக்க முடியும். முடிவில் 4.01 கிராம் என்று இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கணக்கீட்டில் தேடலாம். கணக்கீட்டில் 13.58 மி.லி. என்று இருந்தால், அதை அட்டவணையில் தேடலாம். அட்டவணையில் இருப்பது எந்தக் கரைசல், எந்தக் குடுவை என்று செய்முறையில் தேடலாம். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் விடை அந்தரத்தில் தொங்கும்.

நோக்கத்தில் நேரம் செலவிட அவசியமில்லை, ஆனால் பெரும்பாலான அறிக்கைகள் அங்கேயே வழுக்குகின்றன. ‘வினிகரைத் தரம்பார்த்தல்’ என்று எழுதினால் அது செயலின் பெயர்தான். எதைத் தெரிந்துகொள்ள அந்தச் செயல் என்பது அதில் இல்லை. ‘கடையில் வாங்கிய வினிகரின் 100 மி.லி.-இல் எத்தனை கிராம் அசிட்டிக் அமிலம் உள்ளது என்று, வலிமை கண்டறியப்பட்ட சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைக் கொண்டு, பினாப்தலீனை நிறங்காட்டியாக வைத்துக் கண்டறிதல்; அதை லேபிளில் உள்ள 4 விழுக்காட்டுடன் ஒப்பிடுதல்.’ இப்படி எழுதினால் அலகு முதல் வரியிலேயே நிலைபெற்றுவிடுகிறது. முடிவில் என்ன எழுத வேண்டும் என்பதும் அப்போதே தெரிந்துவிடுகிறது. ‘100 மி.லி.-க்கு கிராம்’ என்ற சொற்கள் தேவைதான். வெறுமனே விழுக்காடு என்றால் 100 கிராமிலா, 100 மி.லி.-இலா என்ற சந்தேகம் வரும். வினிகரைப் பொறுத்தவரை வித்தியாசம் மிகச் சிறியது, ஆனாலும் அந்தச் சந்தேகத்துக்கு இடம்வைக்கத் தேவையில்லை.

செய்முறையில்தான் கைடு புத்தகத்தின் குரல் புகுந்துவிடுகிறது. ‘பியூரெட்டை நன்கு கழுவிக்கொள்ள வேண்டும். 20 மி.லி. கரைசலைப் பிப்பெட்டால் எடுத்துக்கொள்ள வேண்டும்’ என்று எழுதப்படுவது சமையல் குறிப்பு மாதிரி, செய்யப்போகிறவருக்கான கட்டளை. அறிக்கை என்பது செய்து முடித்ததன் பதிவு. ‘எடுக்கப்பட்டது’, ‘சேர்க்கப்பட்டது’, ‘கழுவப்பட்டது’ என்று இறந்தகாலத்தில் வர வேண்டும். இது இலக்கணப் பிடிவாதத்துக்காகச் சொல்வதல்ல. ‘எடுக்க வேண்டும்’ என்று எழுதும்போது புத்தகத்தில் உள்ள அளவுதான் கையில் வருகிறது. ‘எடுக்கப்பட்டது’ என்று எழுத உட்காரும்போது, தான் எடுத்தது எவ்வளவு என்று யோசித்தாக வேண்டியிருக்கிறது. புத்தகம் 1.576 கிராம் ஆக்சாலிக் அமிலம் என்கிறது. தராசு அன்று காட்டியது 1.582 கிராம். அறிக்கையில் வர வேண்டியது இரண்டாவது எண்.

இந்த ஆய்வில் ஆக்சாலிக் அமிலம் எதற்கு என்று கேட்கலாம். சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வாட்ச்கிளாசில் வைத்த சில நிமிடங்களிலேயே அவை பளபளவென்று நனைந்துபோவதைக் கண்ணால் பார்க்கலாம். எனவே 4 கிராமை எடைபோட்டு ஒரு லிட்டர் நீரில் கரைத்தால் 0.1 மோலார் கரைசல் கிடைக்கும் என்பது காகிதத்தில் மட்டும் சரி. அந்த 4 கிராமில் எவ்வளவு தண்ணீர் என்று யாருக்கும் தெரியாது. ஆக்சாலிக் அமிலப் படிகங்கள் அப்படியல்ல. இரண்டு நீர் மூலக்கூறுகளைத் தன்னுள் கட்டிவைத்திருக்கும் அந்தப் படிகம், சாதாரணமாக வைத்திருந்தால் எடை மாறாமல் இருக்கும். அதை எடைபோட்டுத் திட்டக் கரைசல் தயாரித்து, அதைக் கொண்டு சோடியம் ஹைட்ராக்சைடின் உண்மையான வலிமையைக் கண்டுபிடித்து, அதற்குப் பிறகுதான் வினிகரை அளக்க முடியும். ஆகவே செய்முறையில் இரண்டு தரம்பார்த்தல்கள் வரும். முதலாவதை விட்டுவிட்டு ‘0.1 M சோடியம் ஹைட்ராக்சைடு பயன்படுத்தப்பட்டது’ என்று ஒரே வரியில் தாண்டினால், அறிக்கையின் கடைசி எண் பாட்டிலில் யாரோ ஒட்டிய காகிதத்தை நம்பி நிற்கும்.

எதை எழுதுவது, எதை விடுவது என்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. அந்த விவரம் மாறினால் விடை மாறுமா? மாறும் என்றால் எழுத வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். பியூரெட் தாங்கியின் நிறமோ குடுவை 250 மி.லி.-ஆ 150 மி.லி.-ஆ என்பதோ விடையைத் தொடுவதில்லை. கழுவிய விதம் தொடும். பியூரெட்டைத் தண்ணீரில் கழுவியதோடு நிறுத்தினால், சுவரில் ஒட்டியிருக்கும் நீர் சோடியம் ஹைட்ராக்சைடை நீர்த்துவிடும். கூடுதலாக ஊற்ற வேண்டிவரும். அதனால் கடைசியாக அதை நிரப்பப்போகும் கரைசலாலேயே அலச வேண்டும். பிப்பெட்டுக்கும் அதுவே முறை. கூம்புக்குடுவைக்கு இதற்கு நேர்மாறு. அதை வாலை வடிநீரால் மட்டும் அலச வேண்டும். வினிகர் கரைசலால் அலசினால், பிப்பெட் அளந்து தருவதற்கு மேல் கணக்கில் வராத அமிலம் குடுவையில் தங்கிவிடும். தண்ணீர் தங்கினால் கெடுதல் இல்லை, ஏனென்றால் அது அமிலத்தின் அளவைக் கூட்டுவதில்லை. ‘கருவிகள் சுத்தம் செய்யப்பட்டன’ என்ற ஒற்றை வரிக்குள் இந்த வித்தியாசம் முழுவதும் காணாமல் போய்விடும்.

வினிகரை அப்படியே பியூரெட் முன் வைப்பதில்லை. 4 விழுக்காடு என்பது ஏறத்தாழ 0.67 மோலார், அதன் 20 மி.லி.-க்கு 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 130 மி.லி.-க்கு மேல் தேவைப்படும். பியூரெட்டில் 50 மி.லி.-தான் பிடிக்கும். அதனால் 10 மி.லி. வினிகர் பிப்பெட்டால் எடுக்கப்பட்டு, 100 மி.லி. அளவுக்குடுவையில் விடப்பட்டு, கோடு வரை வடிநீர் சேர்த்துக் குலுக்கப்பட்டது. அந்தக் கரைசலிலிருந்து ஒவ்வொரு முறையும் 20 மி.லி. எடுக்கப்பட்டது. இந்தப் பத்து மடங்கு நீர்த்தலைச் செய்முறையில் தெளிவாக எழுதாத மாணவர், கணக்கீட்டில் அதை மறப்பது வழக்கமாக நடப்பது.

நிறங்காட்டியின் பெயரோடு அதைத் தேர்ந்த காரணத்தையும் ஒரு வரி சேர்த்தால் அறிக்கையின் தரம் கூடும். அசிட்டிக் அமிலம் வலிமை குறைந்தது. சோடியம் ஹைட்ராக்சைடு வலிமை மிக்கது. இரண்டும் சரியாக ஈடாகும் இடத்தில் கரைசலின் pH 7 அல்ல, 8.7-ஐ ஒட்டி இருக்கும். பினாப்தலீன் நிறம் மாறுவது அந்த வட்டாரத்தில்தான். மெத்தில் ஆரஞ்சைப் போட்டால் அது pH 4.4-க்குள்ளேயே நிறம் மாறி முடித்துவிடும். அந்த இடத்தில் அமிலத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடுதான் தீர்ந்திருக்கும். அதுவும் ஒரே சொட்டில் சட்டென்று மாறாது. சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு இழுத்துக்கொண்டே போகும். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் மாணவர் குழம்புவார். அந்தக் குழப்பம் நிறங்காட்டி தவறு என்பதன் அடையாளம்.

இனி காட்சிப்பதிவுகள். அறிக்கையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

அட்டவணையின் கோடுகளைச் சோதனை தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். உள்ளங்கையிலும் துண்டுக் காகிதத்திலும் எழுதிவைத்துப் பிறகு ‘நல்ல’ நோட்டுக்கு மாற்றும் பழக்கம் ஆய்வகங்களில் சகஜம். மாற்றும்போது எண்கள் தாமாகவே அழகாகிவிடும், 13.55 என்பது 13.6 ஆகிவிடும். பியூரெட்டில் பார்த்த கணமே, பேனாவால், உரிய கட்டத்துக்குள் எழுதுவதே முறை. தவறாக எழுதிவிட்டால் அழிப்பானோ வெள்ளைப் பூச்சோ வேண்டாம். அடியில் உள்ள எண் தெரியும்படி ஒரே கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதினால் போதும்.

வினிகர் தரம்பார்த்தலின் அட்டவணை இப்படி அமையலாம். பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு. குடுவையில் 20 மி.லி. நீர்த்த வினிகர், இரண்டு சொட்டு பினாப்தலீன், முடிவுநிலையில் நிறமற்ற கரைசல் வெளிர் இளஞ்சிவப்பாக மாறி 30 விநாடி நிற்க வேண்டும்.

| முறை | தொடக்க அளவு (மி.லி.) | இறுதி அளவு (மி.லி.) | பயன்பட்ட கனஅளவு (மி.லி.) |
|---|---|---|---|
| தோராயம் | 0.00 | 14.10 | 14.10 |
| 1 | 14.10 | 27.70 | 13.60 |
| 2 | 27.70 | 41.25 | 13.55 |
| 3 | 0.50 | 14.10 | 13.60 |

இந்தச் சின்ன அட்டவணையை அனுபவமுள்ள கண் நிறையப் படித்துவிடும். முதலில் தசம இடங்கள். பள்ளி பியூரெட்டில் ஒவ்வொரு கோடும் 0.1 மி.லி.; இரண்டு கோடுகளுக்கு நடுவே பாதியைக் கண்ணால் கணிக்கலாம். எனவே எல்லா அளவுகளும் இரண்டு தசம இடங்களோடு, கடைசி இலக்கம் 0 அல்லது 5 ஆக வருகின்றன. தொடக்கத்தையும் ‘0’ என்று விடாமல் ‘0.00’ என்று எழுதுவது, அதையும் அதே கவனத்துடன் பார்த்திருக்கிறார் என்பதைச் சொல்கிறது. பியூரெட் நுனியிலிருந்து விழும் ஒரு சொட்டும் ஏறத்தாழ 0.05 மி.லி.-தான். ஆக, இந்தக் கருவியால் பிரித்துச் சொல்ல முடிந்த மிகச் சிறிய வித்தியாசம் ஒரு சொட்டு.

இரண்டாவதாக, மூன்றாம் முறை 0.50-இல் தொடங்கியிருக்கிறது. 41.25-க்கு மேல் இன்னொரு முறை செய்தால் பியூரெட் காலியாகிவிடும் என்பதால் மீண்டும் நிரப்பியிருக்கிறார். சரியாகப் பூஜ்யத்தில் கொண்டுவந்து நிறுத்த மெனக்கெடவில்லை. அதில் தவறு எதுவும் இல்லை. வித்தியாசம்தான் கணக்குக்கு வேண்டும். எல்லா முறையும் 0-இல் தொடங்கி, எல்லா விடையும் 13.6, 13.6, 13.6 என்று முடியும் அட்டவணையைப் பார்த்தால்தான் திருத்துகிறவருக்குச் சந்தேகம் வரும். கையால் செய்யும் வேலையில் ஒரு சொட்டு முன்பின் ஆவது இயல்பு.

மூன்றாவதாக, தோராய முறை. 14.10 என்பது அவசரமாக ஊற்றியதில் முடிவுநிலையைத் தாண்டிப்போன அளவு. அதன் வேலை, 13 மி.லி. வரை தைரியமாகத் திறந்துவிடலாம், அதன் பிறகு சொட்டுச் சொட்டாகப் போக வேண்டும் என்று வழிகாட்டுவது மட்டுமே. சராசரியில் அதற்கு இடம் கிடையாது. ஆனால் அட்டவணையில் இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று 0.1 மி.லி.-க்குள் இருக்கும் அளவுகளையே ஒத்த அளவுகளாக எடுப்பது வழக்கம். அந்த வகையில் 13.60, 13.55, 13.60 மூன்றும் தேறுகின்றன, சராசரி 13.58. நடுவில் ஒரு முறை 13.95 வந்திருந்தால் என்ன செய்வது? அதையும் எழுதி, ‘இளஞ்சிவப்பு அடர்ந்துவிட்டது, சேர்க்கப்படவில்லை’ என்று பக்கத்தில் காரணத்தைக் குறித்து, இன்னொரு முறை செய்ய வேண்டும். காரணம் தெரியாமல், பிடிக்காத எண் என்பதற்காக மட்டும் ஒன்றை விலக்குவது கூடாது.

காட்சிப்பதிவு என்றால் எண் மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரிந்ததும்தான். சொட்டு விழும் இடத்தில் இளஞ்சிவப்பு மேகம்போல் தோன்றி, குடுவையைச் சுழற்றினால் மறையும். முடிவுநிலை நெருங்க நெருங்க அது மறைய எடுக்கும் நேரம் கூடும். கடைசியில் ஒரே சொட்டில் முழுக் கரைசலும் நிறமேறும். வெள்ளை ஓட்டின் மேல் குடுவையை வைத்துப் பார்த்தால்தான் அந்த மெல்லிய நிறம் தட்டுப்படும். சில நிமிடம் கழித்து அந்த நிறமும் வெளுத்துப்போகும், காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கரைவதே காரணம். அதைப் பார்த்துப் பதறி மேலும் ஒரு சொட்டு விடுபவர்கள் உண்டு. ‘30 விநாடி’ என்று அறிக்கையில் எழுதுவது இதற்காகத்தான். எந்த நொடியை முடிவு என்று எடுத்தோம் என்பதை அது உறுதி செய்கிறது.

கணக்கீட்டில் முதல் வேலை சோடியம் ஹைட்ராக்சைடின் வலிமை. 1.582 கிராம் ஆக்சாலிக் அமிலத்தை அதன் மூலக்கூறு நிறையான 126.07-ஆல் வகுத்து, 250 மி.லி.-இல் கரைத்ததைக் கணக்கில் எடுத்தால் 0.0502 மோலார் வருகிறது. அதன் 20 மி.லி.-க்குச் செலவான சோடியம் ஹைட்ராக்சைடு, மூன்று ஒத்த அளவுகளின் சராசரியாக 20.42 மி.லி. என்று வைத்துக்கொள்வோம். இங்கே சமன்பாட்டை எழுதாமல் நகரக் கூடாது:

H₂C₂O₄ + 2NaOH → Na₂C₂O₄ + 2H₂O

ஒரு மோல் ஆக்சாலிக் அமிலத்துக்கு இரண்டு மோல் சோடியம் ஹைட்ராக்சைடு. ஆகவே:

சோடியம் ஹைட்ராக்சைடின் வலிமை = (2 × 0.0502 × 20.0) ÷ 20.42 = 0.0983 M

நார்மாலிட்டியில் V₁N₁ = V₂N₂ போட்டுப் பழகியவர்களுக்கு இந்த ‘2’ சமான எடைக்குள் ஒளிந்திருக்கும். மோலாரிட்டிக்கு மாறும்போது அதை வெளியே எடுத்து எழுத வேண்டும். மறந்தால் சோடியம் ஹைட்ராக்சைடின் வலிமை பாதியாகி, கடைசி விடை 2.0 கிராம் என்று வந்து நிற்கும்.

அடுத்து வினிகர். இங்கே விகிதம் ஒன்றுக்கு ஒன்று:

CH₃COOH + NaOH → CH₃COONa + H₂O

நீர்த்த வினிகரின் வலிமை = (0.0983 × 13.58) ÷ 20.0 = 0.06675 M

நீர்க்காத வினிகரின் வலிமை = 0.06675 × 10 = 0.6675 M

ஒரு லிட்டரில் அசிட்டிக் அமிலம் = 0.6675 × 60.05 = 40.08 கிராம்

100 மி.லி.-இல் = 4.01 கிராம்

நடுவில் இலக்கங்களைக் குறைக்காமல் கொண்டுவந்து, கடைசியில் மட்டும் சுருக்கியிருப்பதைக் கவனிக்கலாம். கால்குலேட்டர் 4.008338 என்று காட்டுகிறதே என்று அத்தனையையும் நோட்டில் இறக்குவது வீண். ஒரு சொட்டுக்கு மேல் பிரித்தறிய முடியாத கருவி, ஆறு தசம இடத்துக்குச் சாட்சி சொல்லாது.

கணக்கீட்டுத் தவறுகளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: பெரும்பாலும் தம்மைத் தாமே காட்டிக்கொடுத்துவிடும். விடை லேபிளில் சொன்னதில் சரியாகப் பாதி என்றால் ஆக்சாலிக் அமிலத்தின் ‘2’ விட்டுப்போயிருக்கும். சரியாகப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.4 கிராம் என்றால் நீர்த்தல் மறந்துபோயிருக்கும். 3.7 அல்லது 4.3 போல ஒழுங்கற்ற வித்தியாசம் வந்தால் மட்டும் கணக்கை விட்டு ஆய்வக மேசைக்குத் திரும்பிப்போய்த் தேட வேண்டும்.

அந்தத் தேடல்தான் முடிவுப் பகுதியின் பாதி. பல அறிக்கைகள் ‘மனிதத் தவறுகளால் விடையில் பிழை ஏற்பட்டிருக்கலாம்’ என்ற ஒரு வரியோடு கையெழுத்துப் போட்டுவிடுகின்றன. அந்த வரியை எந்தச் சோதனையின் அடியிலும் ஒட்டலாம் என்பதே அதன் குறை. பிழைக்கு ஒரு திசை உண்டு. அந்தத் திசையைச் சொல்ல வேண்டும். பியூரெட்டின் நுனியில் இருந்த காற்றுக்குமிழி நடுவில் வெளியேறினால், ஊற்றாத கரைசலையும் ஊற்றியதாக அளவு காட்டும்; விடை கூடும். நிறம் அடரும் வரை ஊற்றினாலும் கூடும். பிப்பெட்டின் நுனியில் நிற்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளினாலும் கூடும், ஏனெனில் அந்தத் துளி உள்ளேயே நிற்கும் என்று கணக்கிட்டுத்தான் பிப்பெட்டில் கோடு போட்டிருக்கிறார்கள். வலிமை கண்டறிந்த சோடியம் ஹைட்ராக்சைடை மூடிவைக்காமல் விட்டால், அது கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி வலுவிழக்கும்; அப்போதும் கூடும்.

பாருங்கள், கைத்தவறுகள் பெரும்பாலும் விடையை உயர்த்தும் பக்கமே சாய்கின்றன. ஆகவே ஒருவருக்கு 3.7 கிராம் வந்தால், ‘முடிவுநிலையைத் தாண்டியிருக்கலாம்’ என்று எழுதுவது பொருந்தாத காரணம். அவர் பார்க்க வேண்டியவை வேறு. பிப்பெட்டில் தண்ணீர் தங்கியிருந்ததா? அளவுக்குடுவையில் கோட்டைத் தாண்டி நீர் விட்டுவிட்டாரா? வினிகர் பாட்டில் நெடுநாள் திறந்து கிடந்து அமிலம் ஆவியாகிப் போயிருந்ததா? திசையோடு பொருந்தும் காரணத்தை எழுதுகிறவர் தன் சோதனையைப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று திருத்துகிறவருக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

பிழையின் அளவையும் ஓரளவு சொல்லிவிட முடியும். ஒவ்வொரு பியூரெட் பார்வையிலும் 0.05 மி.லி. தவறலாம் என்றால், தொடக்கம், இறுதி இரண்டும் சேர்ந்து மிக மோசமான நிலையில் 0.1 மி.லி. வரை போகும். 13.58-இல் அது 0.7 விழுக்காடு. முதல் தரம்பார்த்தலின் 20.42-இல் 0.5 விழுக்காடு. பிப்பெட்டுகளின் சிறு பிழைகளையும் கூட்டினால் மொத்தம் 1.5-லிருந்து 2 விழுக்காட்டுக்குள் அடங்கும். 4 கிராமில் அது ஏறக்குறைய 0.07 கிராம். எனவே உண்மையான மதிப்பு 3.94-க்கும் 4.08-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்றுதான் இந்தச் சோதனையால் சொல்ல முடியும்.

இந்த ஒரு கணக்கு முடிவின் வாசகத்தையே மாற்றிவிடுகிறது. ‘வினிகரில் லேபிளில் உள்ளதைவிட 0.01 கிராம் அதிகமாக உள்ளது’ என்று எழுதத் தோன்றும். அது தவறு, அத்தனை நுட்பம் இந்தச் சோதனைக்கு இல்லை. இப்படி எழுதலாம்: ‘வினிகரின் அமிலத்தன்மை, அசிட்டிக் அமிலமாகக் கணக்கிட்டால், 100 மி.லி.-க்கு 4.01 கிராம், பிழை எல்லை சுமார் 0.07 கிராம். இது லேபிளில் உள்ள 4 விழுக்காட்டுடன் ஒத்துப்போகிறது.’ இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் வினிகரில் 100 மி.லி.-க்குக் குறைந்தது 3.75 கிராம் அசிட்டிக் அமிலம் இருக்க வேண்டும் என்கின்றன. பிழை எல்லையின் கீழ் முனையான 3.94-உம் அதைத் தாண்டிவிடுவதால், அந்த வரம்பை இந்த வினிகர் எட்டுகிறது என்பதையும் தயங்காமல் சேர்க்கலாம்.

‘அசிட்டிக் அமிலமாகக் கணக்கிட்டால்’ என்ற சொற்களை மட்டும் இடம் போதவில்லை என்று வெட்டிவிடக் கூடாது. சோடியம் ஹைட்ராக்சைடுக்கு அமிலங்களுக்குள் பேதம் தெரியாது. குடுவையில் எந்த அமிலம் இருந்தாலும் அதோடு வினைபுரியும். நொதிக்கவைத்துத் தயாரிக்கும் பழ வினிகரில் வேறு அமிலங்களும் சிறிதளவு இருக்கும். அவையும் இதே 13.58 மி.லி.-க்குள் அடங்கிப்போகும். அமிலத்தின் மொத்த அளவை இந்தச் சோதனை சொல்கிறது. அது என்ன அமிலம், நொதிக்கவைத்து வந்ததா, செயற்கையாகத் தயாரித்ததா என்பதை இதனால் சொல்ல முடியாது. அதைக் கேட்டு யாராவது அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினால், அதற்கு வேறு சோதனை வேண்டும் என்ற குறிப்பு அங்கே இருக்க வேண்டும்.